கெடு தாண்டிய இன்வாய்ஸுக்கு முதல் நினைவூட்டலை எப்படி எழுதுவது?

கேள்வி: ஆறு ஆண்டுகளாக ஒரு நிறுவனத்துக்குத் தயாரிப்புக் கையேடுகளை வடிவமைத்துத் தருகிறேன். அவர்களிடமிருந்து பணம் தாமதமாக வந்ததே இல்லை. மார்ச் 3 அன்று அனுப்பிய இன்வாய்ஸுக்கு 30 நாள் கெடு. இன்று ஏப்ரல் 10, பணம் வரவில்லை. உறவு கெடாமல் நினைவூட்ட வேண்டும். நான் எழுதி வைத்திருப்பது சரியா?

"வணக்கம் சார். தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். வேலைப்பளுவில் மறந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போன மாத பில் தொகை இன்னும் வரவில்லை. தவறாக நினைக்க வேண்டாம், முடிந்தபோது அனுப்பி வையுங்கள். அடுத்த கையேட்டுக்கான மாதிரிப் பக்கங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்."

பதில்:

இந்த வரைவை அப்படியே அனுப்ப வேண்டாம். அதில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அதைப் படிப்பவர் அதை வைத்துக்கொண்டு எதையும் செய்ய முடியாது. எந்த இன்வாய்ஸ், எவ்வளவு தொகை, எந்த நாளுக்குள் வந்திருக்க வேண்டும் என்ற மூன்றில் ஒன்றுகூட அதில் இல்லை. அந்த நிறுவனத்தில் உங்களுக்கு வேலை தரும் மேலாளர் இதைப் படித்ததும் பழைய மின்னஞ்சல்களைத் தேட வேண்டும், அல்லது கணக்குப் பிரிவில் பொத்தாம்பொதுவாக விசாரிக்க வேண்டும். இரண்டுமே அவருடைய நேரத்தை எடுக்கும் வேலைகள் என்பதால் "பிறகு பார்க்கலாம்" என்று அந்த மின்னஞ்சல் ஒதுக்கப்பட்டுவிடும். அடுத்த வாரம் நீங்கள் மீண்டும் எழுத வேண்டியிருக்கும், அந்த இரண்டாவது கடிதத்தை எவ்வளவு பணிவாக எழுதினாலும் அது நச்சரிப்பாகத்தான் தோன்றும். முதல் நினைவூட்டல் மென்மையாக இருக்க வேண்டுமானால், அதைப் பெறுபவருக்கு அது மிகக் குறைந்த வேலையைத் தர வேண்டும். மற்ற எல்லாவற்றையும் இந்த அளவுகோலை வைத்தே முடிவு செய்யலாம்.

எழுதுவதற்கு முன், பணம் ஏன் வரவில்லை என்று ஊகித்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் எந்த ஊகத்தை மனதில் வைத்து எழுதுகிறோமோ அது சொற்களில் தெரிந்துவிடும். தொடர்ந்து கெடுவுக்குள் பணம் தந்த ஒருவர் திடீரென்று ஒருமுறை தவறினால், மனம் மாறியிருப்பதைவிட வழியில் எங்கோ தடைப்பட்டிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஓரளவு பெரிய நிறுவனத்தில் இன்வாய்ஸ் நேராக வங்கிக்குப் போவதில்லை. வேலை கொடுத்தவர் "வேலை முடிந்தது, சரி" என்று ஒப்புதல் தர வேண்டும். கணக்குப் பிரிவு அதைக் கொள்முதல் ஆணையோடு ஒப்பிட்டுப் பதிய வேண்டும். அதன் பிறகு, வாரம் ஒருமுறையோ மாதம் இருமுறையோ மொத்தமாகப் பணம் பட்டுவாடா செய்யும் நாளுக்கு அது காத்திருக்க வேண்டும். ஒப்புதல் ஒரே ஒரு நாள் தாமதமாகி அந்தப் பட்டுவாடாவைத் தவறவிட்டால், இன்வாய்ஸ் அடுத்த சுற்று வரை அப்படியே கிடக்கும். கணக்குப் பிரிவில் ஆள் மாறியிருக்கலாம், இன்வாய்ஸ் பெறுவதற்கான மின்னஞ்சல் முகவரி மாறியிருக்கலாம், உங்கள் மின்னஞ்சல் வேண்டாத அஞ்சல்களின் பெட்டிக்குள் விழுந்திருக்கலாம், கொள்முதல் ஆணை எண் விடுபட்டதால் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவை அந்த மேலாளருக்கே தெரியாமல் நடப்பவை. ஆகவே உங்கள் கடிதம் அவரிடம் பணம் கேட்கும் கடிதமாக இருப்பதைவிட, தடை எங்கே இருக்கிறது என்று அவர் கண்டுபிடிக்க உதவும் கடிதமாக இருப்பதே பொருத்தம்.

அதே காரணத்தால் உங்கள் பக்கத்தையும் முதலில் சரிபார்த்துவிட வேண்டும். கெடு மார்ச் 3 முதல் 30 நாள் என்றால் ஏப்ரல் 2 சரிதான். ஆனால் ஒப்பந்தத்தில் "இன்வாய்ஸ் கிடைத்த நாளிலிருந்து" என்றோ "மாத முடிவிலிருந்து" என்றோ இருந்தால் கணக்கு மாறும். மாத முடிவிலிருந்து 30 நாள் என்று இருந்தால், மார்ச்சில் அனுப்பியதற்கு ஏப்ரல் கடைசி வரை கெடு உண்டு, நீங்கள் நினைவூட்ட வேண்டிய நேரமே இன்னும் வரவில்லை. அடுத்து வங்கிக் கணக்கில், இன்வாய்ஸில் உள்ள தொகையை மட்டும் தேடிவிட்டு "வரவில்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வரிப் பிடித்தம் போக மீதியை அனுப்பியிருக்கலாம், இரண்டு இன்வாய்ஸ்களைச் சேர்த்து ஒரே தொகையாக அனுப்பியிருக்கலாம், அனுப்பியவர் பெயர் அவர்களுடைய துணை நிறுவனத்தின் பெயராக இருக்கலாம். வந்துவிட்ட பணத்தை வரவில்லை என்று எழுதுவதுதான் இந்த விஷயத்தில் நேரக்கூடியவற்றிலேயே சங்கடமானது. இன்வாய்ஸை எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள், அன்று அது உண்மையிலேயே இணைப்பாகப் போனதா என்பதையும் அனுப்பிய அஞ்சல்களில் திறந்து பாருங்கள்.

நாளைப் பற்றி ஒரு சொல். கெடு முடிந்த மறுநாள் காலையிலேயே எழுதினால் மணி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது போல இருக்கும். வங்கிப் பரிமாற்றத்துக்கே சில நேரம் ஒன்றிரண்டு வேலை நாள் ஆகும். மூன்று வேலை நாள் முதல் ஒரு வாரம் வரை பொறுப்பது இயல்பானது. நீங்கள் எட்டு நாள் பொறுத்திருக்கிறீர்கள், அது போதும். இதற்கு மேல் தள்ளிப்போட்டால், கெடுவை நீங்களே பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்ற பொருள் அதற்கு வந்துவிடும்.

இனி உங்கள் வரைவுக்கு வருகிறேன். "தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும்" என்பது பணிவு போலத் தோன்றினாலும், முடித்துக் கொடுத்த வேலைக்கு உரிய தொகையைப் பற்றிக் கேட்பது ஒரு தொந்தரவு என்று நீங்களே ஒப்புக்கொள்வதாகிறது. படிப்பவருக்கும் அது ஒரு கூச்சத்தை உண்டாக்கும், ஏனென்றால் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் நீங்கள் அல்ல என்பது அவருக்குத் தெரியும். "மறந்திருப்பீர்கள்" என்பது அதைவிடச் சிக்கலானது. அவருக்கு ஒரு சாக்குச் சொல்லிக் கொடுப்பதாக நினைத்து எழுதுகிறோம்; ஆனால் அவர் மார்ச் 5 அன்றே ஒப்புதல் கொடுத்துவிட்டுக் கணக்குப் பிரிவு தாமதம் செய்திருந்தால், செய்யாத தவறு ஒன்று அவர் தலையில் ஏறிவிடும். காரணம் தெரியாதபோது காரணத்தை எழுதாமல் இருப்பதே அவருக்கு நீங்கள் காட்டும் மரியாதை.

"இன்னும் வரவில்லை" என்பதில் "இன்னும்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். "சாப்பாடு இன்னும் வரவில்லை" என்று சொல்லும்போது அதில் ஏறும் பொறுமையின்மை இங்கும் ஏறிக்கொள்ளும். "ஏப்ரல் 10 காலை வரை வரவில்லை" என்று நாளைக் குறித்துவிட்டால் அது வெறும் தகவலாகிவிடும். "இந்த வாரமாவது", "இதைக்கூட" போன்ற சொற்களும் அப்படித்தான். பேச்சில் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம், எழுத்தில் அந்தச் சிரிப்பு போய்ச் சேராது. "நீங்கள் செலுத்தவில்லை" என்று எழுதாமல் "தொகை வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியத்தின் எழுவாய் ஆளாக இல்லாமல் இன்வாய்ஸாகவோ தொகையாகவோ இருக்கும் வரை, அதே செய்தி குற்றச்சாட்டாக ஒலிப்பதில்லை.

"தவறாக நினைக்க வேண்டாம்" என்பதை நாம் பழக்கத்தில் எழுதிவிடுகிறோம். தவறாக நினைக்க அதில் ஏதோ இருக்கிறது என்று படிப்பவரைத் தேட வைக்கும் தொடர் அது. "முடிந்தபோது அனுப்பி வையுங்கள்" என்பதுதான் இந்த வரைவின் மிகப் பெரிய குறை. ஒப்புக்கொண்ட கெடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. இந்த ஒரே தொடரால் அதை நீங்களே ரத்து செய்துவிடுகிறீர்கள். அவர் அதை நேர்மையாகவே எடுத்துக்கொண்டு, உங்களுக்கு அவசரமில்லை என்று நினைத்து, அவசரமானவர்களுக்கு முதலில் கொடுத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. கடைசியாக மாதிரிப் பக்கங்கள். அவற்றை இந்தக் கடிதத்தில் இணைத்தால் பதில் முழுவதும் அவற்றைப் பற்றியே வரும், ஏனென்றால் பேச இனிமையான விஷயம் அதுதான். வேறொரு மின்னஞ்சலில், முடிந்தால் வேறொரு நாளில் அனுப்புங்கள்; ஒன்று கிடைத்தால்தான் மற்றொன்று என்ற பேரமாகவும் அப்போது தோன்றாது.

யாருக்கு அனுப்புவது என்பதும் சொற்களைப் போலவே முக்கியம். இதுவரை இன்வாய்ஸ் யாருக்குப் போய்க்கொண்டிருந்ததோ அவருக்கே நினைவூட்டலும் போக வேண்டும். உங்களைப் பொறுத்தவரை அது மேலாளர் என்று எடுத்துக்கொள்கிறேன். நேராகக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பிப் பழக்கமென்றால் அவர்களுக்கு மட்டும் எழுதுங்கள். முதல் கடிதத்திலேயே மேலாளரை நகல் பெறுபவராகச் சேர்த்தால், அது கணக்குப் பிரிவின் மேல் கொடுத்த புகாராகிவிடும். மேலாளருக்கு எழுதும்போது அவருக்கு மேலே உள்ளவரைச் சேர்ப்பதும் அதே தவறு. இன்வாய்ஸை அனுப்பிய அந்தப் பழைய மின்னஞ்சலுக்கே பதிலாக எழுதினால் மார்ச் 3 அன்று போனது, எந்த முகவரிக்குப் போனது என்பதெல்லாம் கீழேயே இருக்கும், நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பழைய தலைப்பு "பில்" என்று மட்டும் இருந்தால் அதை மாற்றிவிடுங்கள். தலைப்பு வரியில் "அவசரம்", "பாக்கி", "நினைவூட்டல்" எதுவும் தேவையில்லை. இன்வாய்ஸ் எண்ணும் எந்த வேலை என்பதும் நாளும் இருந்தால், அவர் அதைத் திறக்காமலேயே கணக்குப் பிரிவுக்குத் தள்ளிவிட முடியும்.

உங்கள் இன்வாய்ஸ் எண்ணும் தொகையும் எந்தக் கையேடு என்பதும் எனக்குத் தெரியாததால் 1047, 48,500, பிப்ரவரி கையேடு என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

தலைப்பு: இன்வாய்ஸ் 1047, பிப்ரவரி கையேடு வடிவமைப்பு, கெடு ஏப்ரல் 2

"வணக்கம் சார்,

பிப்ரவரி கையேட்டின் வடிவமைப்புக்காக மார்ச் 3 அன்று அனுப்பிய இன்வாய்ஸ் 1047 (தொகை 48,500) ஏப்ரல் 2 அன்று கெடுவுக்கு வந்தது. இன்று, ஏப்ரல் 10 காலை வரை, அதற்கான வரவு என் வங்கிக் கணக்கில் தென்படவில்லை.

உங்களிடமிருந்து தொகை எப்போதும் கெடுவுக்குள் வந்துவிடும் என்பதால், இந்த இன்வாய்ஸ் கணக்குப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்ததா, அதில் ஏதேனும் விவரம் விடுபட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? வசதிக்காக அதே இன்வாய்ஸை மீண்டும் இணைத்திருக்கிறேன். வங்கி விவரங்களில் எந்த மாற்றமும் இல்லை.

எல்லாம் சரியாக இருந்தால், தொகை எந்தத் தேதியில் வரும் என்று தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே அனுப்பப்பட்டிருந்தால், பரிமாற்ற எண்ணைக் குறிப்பிடுங்கள். என் பக்கத்தில் தேடிக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

நன்றி."

இதில் சில இடங்களை விளக்க வேண்டும். "எப்போதும் கெடுவுக்குள் வந்துவிடும் என்பதால்" என்ற தொடர் வெறும் பாராட்டு அல்ல. இது வழக்கத்துக்கு மாறானது, ஆகவே எங்கோ ஏதோ தடை இருக்க வேண்டும் என்ற உங்கள் ஊகத்தை அது சொல்கிறது. அவருடைய நல்ல பெயரையே விசாரிப்பதற்கான காரணமாக்குகிறது. இது உண்மையாக இருந்தால் மட்டுமே எழுத வேண்டும். வழக்கமாகப் பத்து நாள் தாமதமாகத் தரும் வாடிக்கையாளருக்கு இதே தொடரை எழுதினால் அது குத்தலாகிவிடும். அப்படிப்பட்டவருக்கு அந்தத் தொடரின் முதல் பாதியை நீக்கிவிட்டு, நேராகக் கேள்வியிலிருந்து தொடங்கினால் போதும்.

"அனுப்பியிருந்தால் இந்தக் கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம்" என்ற வழக்கமான வரியை நான் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். அது நாசூக்கானதுதான், ஆனால் பதில் எழுதாமல் இருக்க அனுமதி கொடுத்துவிடுகிறது. பிறகு அவருடைய மௌனத்தைப் பார்த்து, அனுப்பிவிட்டாரா, கடிதத்தையே பார்க்கவில்லையா என்று உங்களால் சொல்ல முடியாது. பரிமாற்ற எண்ணைக் கேட்பது அதே நாசூக்கைக் காப்பாற்றிக்கொண்டு ஒரு பதிலையும் பெற்றுத் தரும். தேதியைக் கேட்பதும் அதற்காகத்தான். "விரைவில் ஆவன செய்யுங்கள்" என்பதற்கு "சரி, பார்க்கிறேன்" என்று பதில் வரலாம். "எந்தத் தேதியில்" என்று கேட்டால் ஒரு தேதியைப் பதிலாகச் சொல்லவே தோன்றும்.

வங்கி விவரங்களில் மாற்றமில்லை என்ற வரியைச் சிலர் தேவையற்றது என்று நினைக்கலாம். வேறொருவர் பெயரில் மின்னஞ்சல் அனுப்பி, "கணக்கு எண் மாறிவிட்டது, இதற்கு அனுப்புங்கள்" என்று பணத்தைத் திருப்பிவிடும் மோசடி பரவலாக நடப்பதால், பணம் கேட்டு வரும் எந்தக் கடிதத்தையும் கணக்குப் பிரிவினர் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். கணக்கு எண்ணை மின்னஞ்சலில் புதிதாகத் தட்டச்சு செய்யாமல், பழைய பிடிஎஃப் கோப்பையே அதே பெயரோடும் அதே எண்ணோடும் நாளோடும் இணைப்பது உங்கள் கடிதத்தின் மேல் அந்தச் சந்தேகம் எழுவதைக் குறைக்கும். நாளை மாற்றிப் புது இன்வாய்ஸாக அனுப்பினால் இரண்டு பதிவுகள் உண்டாகி, எது சரி என்ற குழப்பத்தில் இன்னொரு பட்டுவாடாச் சுற்று போய்விடும்.

கடிதத்தில் எதைச் சேர்க்கவில்லை என்பதையும் கவனியுங்கள். தாமதக் கட்டணம், வட்டி, வேலையை நிறுத்துவது பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒப்பந்தத்தில் அப்படியொரு விதி இருந்தாலும் அது முதல் கடிதத்துக்கு உரியதல்ல, அங்கேயே இருக்கட்டும், எங்கும் போய்விடாது. உங்களுக்குப் பணத் தேவை இருக்கிறது என்பதையும் எழுதவில்லை. அது உண்மையாக இருந்தாலும், தொகை வர வேண்டியதற்குக் காரணம் உங்கள் தேவை அல்ல, முடிந்துபோன வேலை. தேவையை எழுதிவிட்டால் கடிதம் ஒரு உதவி கேட்பதாகிவிடும், உதவியை மறுக்கவும் தள்ளிப்போடவும் எவருக்கும் உரிமை உண்டு. ஆறு ஆண்டு உறவையும் நான் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. "இத்தனை ஆண்டுப் பழக்கத்தில்" என்று தொடங்கும் வாக்கியம் பெரும்பாலும் மனத்தாங்கலில்தான் முடியும். அதைத் தமிழில் படித்து வளர்ந்த எவரும் முன்கூட்டியே உணர்ந்துவிடுவார்கள்.

அவரோடு நீங்கள் அன்றாடம் வாட்ஸ்அப்பில் பேசுபவராக இருந்தாலும் முதலில் மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் அதைத்தான் அவர் கணக்குப் பிரிவுக்குத் தள்ள முடியும். பிறகு, "இன்வாய்ஸ் 1047 பற்றி ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன் சார், நேரம் கிடைக்கும்போது பாருங்கள்" என்று ஒரு வரி போதும். இங்கே "நேரம் கிடைக்கும்போது" என்று எழுதலாம், ஏனென்றால் அது படிப்பதற்கான நேரம், பணம் தருவதற்கான நேரம் அல்ல.

பதில் மூன்று விதமாக வரலாம். தேதியோடு வந்தால், "நன்றி சார், ஏப்ரல் 17 என்று குறித்துக்கொள்கிறேன்" என்று அந்தத் தேதியைத் திருப்பி எழுதிவிடுங்கள். அதன் பிறகு அந்தத் தேதி முடியும் வரை ஒரு சொல்லும் வேண்டாம். "அடுத்த வாரம்" என்று பொதுவாக வந்தால், "உங்கள் பட்டுவாடா எந்த நாளில் நடக்கிறது, அன்று பார்த்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள்; இது அவரை நெருக்காது, அவர்களுடைய நடைமுறையைத்தான் கேட்கிறது, அடுத்த இன்வாய்ஸை எப்போது அனுப்ப வேண்டும் என்பதும் அதிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். வேலையில் குறை இருப்பதாகவோ தொகை தவறு என்றோ பதில் வந்தால், பணம் பற்றிய கடிதங்களை அங்கேயே நிறுத்திவிட்டு, அந்தக் குறையை முதலில் பேசித் தீர்க்க வேண்டும். தகராறில் இருக்கும் தொகைக்கு நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே இருப்பதுதான் பழைய உறவுகளை முறிக்கிறது.

ஐந்து வேலை நாளில் எந்தப் பதிலும் இல்லை என்றால் இரண்டாவது மின்னஞ்சல் எழுதாமல் தொலைபேசியில் கூப்பிடுங்கள். "அனுப்பிய மின்னஞ்சல் வந்து சேர்ந்ததா என்று கேட்கத்தான் சார் கூப்பிட்டேன்" என்று தொடங்கிவிட்டு, அவர் பேசி முடிக்கும் வரை காத்திருங்கள். நிறுவனத்தில் பண நெருக்கடி போன்ற, எழுத்தில் வராத காரணம் ஏதாவது இருந்தால் அது அந்தப் பேச்சில்தான் வெளிவரும். அப்படி இருந்தால் தொகையை இரண்டு தவணையாகப் பெற்றுக்கொள்ளலாமா என்று அங்கேயே பேசலாம். பேசி முடித்த அன்றே, ஒப்புக்கொண்ட தேதிகளை அதே மின்னஞ்சல் தொடரில் இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள்.